மூன்று நொடி இன்ட்ரோ: முடிவிலிருந்து எழுதுங்கள்

யூடியூப் வீடியோவின் தொடக்கத்தில் சேனல் பெயரைக் காட்டும் குட்டி இன்ட்ரோவுக்கு மூன்று நொடி என்றால், நொடிக்கு 30 ஃபிரேம் கணக்கில் கையில் இருப்பது 90 ஃபிரேம். வட்டமும் பட்டையும் துள்ளி முடிப்பதற்குள் அதில் பெரும்பகுதி கரைந்துவிடும். பெயர் வந்து நிற்கும்போது வீடியோவே தொடங்கிவிடும். அதனால் எழுதும்போதே கடைசி நிறுத்தத்தை முதலில் ஒதுக்கிவிட வேண்டும். பெயரை அவசரமில்லாமல் மனசுக்குள் ஒருமுறை படித்துப் பாருங்கள். சிறிய பெயருக்கு 36 ஃபிரேம், அதாவது 1.2 நொடி, தாராளம். மிச்சமுள்ள 54 ஃபிரேம்தான் ஆட்டத்துக்கு.

ஒரு சமையல் சேனலுக்கு இப்படி எழுதலாம். முதல் 12 ஃபிரேமில் நடுவில் ஒரு மஞ்சள் வட்டம் புள்ளியிலிருந்து விரிகிறது. தன் அளவைத் தாண்டி 110 சதவீதம் வரை போய், 16-ஆம் ஃபிரேமில் 100-க்குத் திரும்புகிறது. அடுத்து இரண்டு சிவப்புப் பட்டைகள் இடமிருந்தும் வலமிருந்தும் பாய்ந்து வருகின்றன. ஒன்றுக்கொன்று நாலு ஃபிரேம் இடைவெளி. 28-இல் வட்டம் இடப்பக்கம் நகர, அதன் பின்னாலிருந்து பெயர் வெளிப்படுகிறது. 44-இல் பெயர் முழுதாகத் தெரியும், 54-க்குள் எல்லாம் அடங்கிவிடும். சத்தம் ஒன்றே போதும்: 44-இல் ஒரு ‘டொக்’. அது ஒரு ஃபிரேம் பிந்தினால் யாருக்கும் தெரியாது. முந்தினால் காதுக்கு உறுத்தும்.

பெயர் தமிழில் இருந்தால் ஓர் எச்சரிக்கை. எழுத்தெழுத்தாக வரும் அனிமேஷனைப் போட்டால், சில மென்பொருள்கள் ‘கொ’வில் கொம்பையும் காலையும் தனித்தனியாகப் பிய்த்துவிடும். பெயரை முழுச் சொல்லாகவே நகர்த்துவது நல்லது.

பெரும்பாலான இன்ட்ரோக்கள் கெடுவது கடைசி நிறுத்தத்தில்தான். வேகம் மெல்லக் குறைந்து நிற்கும்படி ஈஸிங் வைத்தால், அந்த வால் நிறுத்தத்துக்குள்ளும் நீளும். எழுத்து ஒரு பிக்சல், அரைப் பிக்சல் என்று ஊர்ந்துகொண்டே இருக்கும். பார்ப்பவருக்கு என்னவென்று சொல்லத் தெரியாது, ஏதோ நடுங்குவதுபோல் இருக்கும். இதைக் கண்டுபிடிக்க வழி உண்டு. 54-ஆம் ஃபிரேமைப் படமாக எடுத்து, கடைசி 36 ஃபிரேமின் மேல் வைத்து, கலப்பு முறையை Difference என்று மாற்றுங்கள். திரை முழுக்கக் கறுப்பாக இருந்தால் எல்லாம் அசையாமல் நிற்கிறது என்று அர்த்தம். எழுத்தின் ஓரத்தில் மெல்லிய கோடு மின்னினால் எதுவோ இன்னும் நகர்கிறது. பெரும்பாலும் ஈஸிங்கின் வால், இல்லையென்றால் அணைக்க மறந்த ஒளிர்வு எஃபெக்ட்.

முடிவில் கறுப்புக்குள் மங்கவைக்கும் ஆசையும் வேண்டாம். 10 ஃபிரேம் மங்கல் போட்டால் பெயர் தெளிவாகத் தெரியும் நேரம் 26 ஃபிரேமாகச் சுருங்கிவிடும். சத்தத்தின் ஓசை 85-க்குள் ஓயட்டும். 90 முடிந்ததும் நேராக வீடியோவுக்கு வெட்டிவிடுங்கள்.