படகின் பின்பலகை சொல்லும் சேதி

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் பனி உருகியதும் ஏரிக்கரை ஊர்களில் வீட்டு வாசல்தோறும் 'விற்பனைக்கு' என்ற அட்டையுடன் படகுகள் வந்து நிற்கும். 1998-இல் கட்டிய 17 அடி கண்ணாடியிழைப் படகு ஒன்று 2024-இல் அப்படி நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். பளபளப்பான வண்ணம், புது இருக்கைகள். வாங்க வருபவர் இவற்றை விட்டுவிட்டு நேரே படகின் பின்பக்கம் போவது நல்லது.

அவுட்போர்ட் எஞ்சினைத் தாங்கும் பின்பலகைக்கு டிரான்ஸம் என்று பெயர். அந்தக் காலத்துப் படகுகள் பலவற்றில் இதன் வெளிப்புறம்தான் கண்ணாடியிழை. உள்ளே இருப்பது பிளைவுட். ஆழமானியோ ஏணியோ பொருத்தத் துளையிட்டவர் அதைச் சரியாக அடைக்காவிட்டால், அந்த வழியே கசியும் நீர் பிளைவுட்டை ஆண்டுக்கணக்கில் ஊறவைக்கும். குளிர்காலத்தில் அந்த நீர் உறைந்து விரிந்து, அடுக்குகளைப் பிளக்கும். வெளியிலிருந்து பார்த்தால் எதுவுமே தெரியாது.

சுத்தியல் கைப்பிடியால் பலகை முழுவதும் மெல்லத் தட்டிப் பார்க்கலாம். நல்ல மரம் 'டக்' என்று கூர்மையாக ஒலிக்கும். ஊறிய இடத்தில் ஓசை மங்கிவிடும். பிறகு எஞ்சினின் அடிப்பகுதியைப் பிடித்து மேலும் கீழுமாக அழுத்த வேண்டும். எஞ்சினோடு சேர்ந்து பலகையும் வளைந்தால், மேல் மூலைகளில் மயிரிழை விரிசல் ஓடியிருந்தால், உளுத்துவிட்டது என்று கொள்ளலாம். விற்பவர் சம்மதித்தால், நீர்மட்டத்துக்குக் கீழே உள்ள திருகாணி ஒன்றைக் கழற்றிப் பார்ப்பதே உறுதியான சோதனை. பழுப்பு நீரும் ஈர மரத்தூளும் வந்தால் பேரத்தை அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். டிரான்ஸத்தை மாற்றும் செலவு, இத்தகைய பழைய படகின் விலையையே தாண்டக்கூடும்.

பலகை தேறிவிட்டால் அடுத்தது எஞ்சின். மணிமானி 350 மணி நேரம் காட்டுகிறது. பொழுதுபோக்குப் படகு ஆண்டுக்கு 50 மணி நேரம் ஓடினாலே 26 ஆண்டுகளில் 1,300 ஆகியிருக்கும். மானியை இடையில் மாற்றியிருக்கலாம்; படகு பல ஆண்டுகள் சும்மா கிடந்திருக்கலாம். சும்மா கிடந்தது நல்லதுதானே என்று நினைக்கக் கூடாது. ஓடாத எஞ்சினில் ரப்பர் சீல்கள் விறைத்து வெடிக்கும், எரிபொருள் பிசினாகும். மானியைவிட கம்ப்ரெஷன் சோதனையை நம்பலாம்: சிலிண்டர்களுக்கிடையே 10 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. கியர் எண்ணெய் பால் நிறத்தில் இருந்தால் உள்ளே நீர் புகுந்துவிட்டது. வாங்குபவர் வருமுன்னே எஞ்சின் சூடாக இருந்தால், குளிர்ந்த நிலையில் அது கிளம்பத் தகராறு செய்கிறதா என்று சந்தேகப்படலாம்.

வயரிங்குக்கு ஒரு பார்வையே பெரும்பாலும் போதும். வீட்டு மின்கம்பியும் இன்சுலேஷன் டேப் சுற்றிய இணைப்புகளும் பச்சை பூத்த செம்பும் தென்பட்டால் எல்லாவற்றையும் புதிதாக இழுக்க வேண்டியிருக்கும்.

டிரெய்லரைச் சிறிது தூரம் இழுத்துச் சென்று நிறுத்தி, சக்கரங்களின் நடுக்குடத்தைத் தொட்டுப் பார்க்க வேண்டும். ஒன்று மட்டும் கொதித்தால் அதன் பேரிங் போய்விட்டது. டயரின் பக்கவாட்டில் 2310 என்று இருந்தால், அது 2010-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் தயாரானது. தேயாமல் புதிதுபோல் தெரிந்தாலும் அதை நம்பி நெடுஞ்சாலையில் ஏறக் கூடாது. புது டயர்களின் விலையைக் கழித்துக்கொண்டே பேரம் பேச வேண்டும்.