எண்ணெய் மேலே ஏறவேண்டும்

மொட்டை மாடியில் அவுட்டோர் யூனிட். பத்து மாடி கீழே வரை அறைகளில் இண்டோர் யூனிட்கள். நடுவே செங்குத்தாக ஓடும் இரண்டு காப்பர் பைப்புகள். பெரிய அலுவலகங்களில் உள்ள வி.ஆர்.எஃப் ஏசி பெரும்பாலும் இப்படித்தான் அமைந்திருக்கும். ஒல்லிப் பைப்பில் குளிர்பொருள் திரவமாக இறங்கும். பருத்த பைப்பில் ஆவியாக மேலே திரும்பும்.

அதோடு கம்ப்ரசரின் எண்ணெயும் கொஞ்சம் வெளியேறிவிடும். இறங்கும்போது அது திரவத்தில் கரைந்தே போவதால் கவலையில்லை. திரவம் ஆவியான பிறகுதான் சிக்கல். எண்ணெய் பைப்பின் உட்சுவரில் படலமாக ஒட்டிக்கொள்ளும். மேலே தள்ள அதற்கென்று பம்ப் ஏதும் கிடையாது. வேகமாகப் போகும் பஸ்ஸின் முன்கண்ணாடியில் மழைத்துளி மேல்நோக்கி ஊர்வதுபோல, ஆவியின் வேகம்தான் அதை ஏற்றவேண்டும். செங்குத்துப் பைப்பில் இதற்கு நொடிக்குச் சுமார் 5 மீட்டர் வேகமாவது வேண்டும். பைப் பருக்கப் பருக்க இன்னும் கூடுதலாக வேண்டும்.

28 கிலோவாட் குளிர்திறன் கொண்ட, ஆர்-410ஏ வாயுவில் ஓடும் 10 எச்.பி யூனிட் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 22.2 மில்லிமீட்டர் பைப்பில், முழுச் சுமையில், ஆவி நொடிக்குச் சுமார் 15 மீட்டர் வேகத்தில் போகும். ஆனால் நீண்ட பைப்பில் அந்த வேகமே உராய்வைக் கூட்டி, குளிர்திறனைக் குறைக்கும். ஓர் அளவு பெரிதாக, 25.4 போட்டால் வேகம் 11 ஆகும். உராய்வு இழப்பு ஏறக்குறைய பாதியாகும். அதனால்தான் சமான நீளம் 90 மீட்டரைத் தாண்டினால் பிரதான ஆவிப் பைப்பை ஓர் அளவு கூட்டச் சொல்லும் கையேடுகள் உண்டு.

'இன்னும் ஓர் அளவு கூட்டினால் இன்னும் நல்லதுதானே' என்று 28.6 போடுபவர்கள் இருக்கிறார்கள். முழுச் சுமையில் வேகம் 8.5, குறை தெரியாது. சனிக்கிழமை மாலை இரண்டு அறைகள் மட்டும் ஓடி, சுமை கால்பங்காகும்போது வேகம் 2 மீட்டருக்கு இறங்கிவிடும். எண்ணெய் ஏறாது, கீழேயே தேங்கும். சரியான 22.2 பைப்பிலும் அப்போது 4 மீட்டர்கூடத் தேறாது என்பதையும் சொல்லவேண்டும்.

ஆக, பைப் அளவு மட்டும் போதாது. அதனால் பல யூனிட்களில் எண்ணெய் மீட்பு ஓட்டம் என்று ஒன்று உண்டு. சில மணி நேரத்துக்கு ஒருமுறை கம்ப்ரசர் தானாகவே வேகமெடுக்கும். அணைந்திருக்கும் அறைகளின் வால்வுகளும் திறக்கும். திரவம் கலந்த வேகமான ஓட்டம் படலத்தைக் கழுவிக்கொண்டு மேலே போகும். அணைத்துவைத்த யூனிட்டிலிருந்து சில நிமிடங்கள் 'உஸ்' என்று சத்தம் வந்தால் அது பழுதல்ல. பயந்துபோய் மெயின் சுவிட்சை அணைப்பதுதான் கெடுதல்.

பழைய பழக்கத்தில் ஏறும் பைப்பில் சில மீட்டருக்கு ஒரு வளைவு போடுவதும் உண்டு. சில நிறுவனங்கள் இதைக் கேட்கின்றன, சில கூடாது என்கின்றன. அந்தந்த யூனிட்டின் கையேடு சொல்வதே முடிவு. எண்ணெய் குறைந்த கம்ப்ரசர் இரைச்சல் போடும், வெளியேறும் வாயு அளவுக்கு மீறிச் சுடும், அடிக்கடி டிரிப் ஆகும். மீட்பு ஓட்டம் முடிந்ததும் இரைச்சல் அடங்கி, குறைந்த சுமையில் மறுபடி தொடங்கினால், எண்ணெயை ஊற்றும் முன் பைப் அளவைப் பார்க்கவேண்டும்.