விடையை முதலில் வைத்துப் பார்க்கும் தேடல்

ஓர் எண் வரிசையை, ஒழுங்கு மாறாமல், k துண்டுகளாக வெட்ட வேண்டும். துண்டுகளின் கூட்டுத்தொகைகளில் எது பெரியதோ, அது முடிந்தவரை சிறியதாக இருக்க வேண்டும். நிரல் எழுதும் போட்டிகளில் அடிக்கடி தலைகாட்டும் கணக்கு இது. 1998ஆம் ஆண்டு மத்திய ஐரோப்பிய மாணவர்களுக்கான போட்டியில் அச்சு இயந்திரத்துக்கு முந்தைய காலத்துக் கதையாக இது வந்தது. வரிசையாக அடுக்கிய நூல்களைக் கையால் படியெடுக்கச் சில எழுத்தர்கள் இருக்கிறார்கள். ஒருவருக்கு அடுத்தடுத்து இருக்கும் நூல்களையே தரலாம். இங்கொன்றும் அங்கொன்றுமாக எடுத்துத் தரக் கூடாது. எல்லோரும் ஒரே வேகத்தில் எழுதுவதால், அதிகப் பக்கங்கள் யார் தலையில் விழுகிறதோ அவர் முடிக்கும்போதுதான் வேலை முடியும். அந்த ஒருவரின் சுமையைக் குறைப்பதுதான் கேள்வி.

ஒன்பது நூல்கள், மூன்று எழுத்தர்கள் என்று வைத்துக்கொள்ளலாம். பக்கங்கள் முறையே 24, 31, 18, 40, 12, 27, 35, 20, 16, மொத்தம் 223. நூல்களுக்கு இடையே எட்டு இடைவெளிகள் உள்ளன. அவற்றில் இரண்டில் வெட்ட வேண்டும் என்பதால் 28 வழிகள்தாம். பொறுமை இருந்தால் எல்லாவற்றையும் எழுதிப் பார்த்துவிடலாம். நூறு நூல்கள், பத்து எழுத்தர்கள் என்றால் வழிகளின் எண்ணிக்கை 1.7 லட்சம் கோடியைத் தாண்டுகிறது. அப்போது எழுதிப் பார்க்கும் பேச்சுக்கே இடமில்லை.

எங்கே வெட்டுவது என்று யோசிக்கும்வரை இந்தக் கணக்கு பிடிகொடுக்காது. கேள்வியைத் திருப்பிப் போட்டால் நிலைமை மாறுகிறது: யாருக்கும் 85 பக்கங்களுக்கு மேல் தரக் கூடாது என்றால், மூன்று பேர் போதுமா? இதற்கு விடை சொல்ல ஒரு முறை வரிசையை நடந்து பார்த்தால் போதும். முதல் எழுத்தருக்கு 24, 31, 18 என்று கொடுத்தால் 73 ஆகிறது. அடுத்த 40ஐயும் சேர்த்தால் 113, வரம்பு மீறும். எனவே 40 இரண்டாமவருக்குப் போகிறது. அவருக்கு 40, 12, 27 சேர்ந்து 79. மீதமுள்ள 35, 20, 16 மூன்றாமவருக்கு, அது 71. மூவர் போதும்.

ஒவ்வொருவருக்கும் கொள்ளும் மட்டும் அள்ளிக் கொடுப்பதால் இதைப் பேராசை முறை என்பார்கள். இது சரியான விடை தருமா என்ற ஐயம் எழுவது நியாயம்தான். வேறு எந்தப் பங்கீட்டை எடுத்துக்கொண்டாலும், அதே வரம்புக்குள் அதன் முதல் எழுத்தர் பேராசை முறையின் முதல் எழுத்தரைவிடத் தள்ளிப் போயிருக்க முடியாது. முதல் வெட்டில் பின்தங்கியவர் இரண்டாம் வெட்டிலும் முந்த முடியாது. இப்படியே கடைசிவரை. ஆகவே அந்த வரம்புக்குள் மிகக் குறைந்த ஆட்களைக் கொண்டு முடிப்பது பேராசை முறைதான். இரண்டு பேரிலேயே வேலை முடிந்துவிட்டாலும் பாதகமில்லை. ஆட்களைவிட நூல்கள் குறையாதவரை, ஒருவருடைய கட்டைப் பிரித்து மூன்றாமவருக்குக் கொடுக்கலாம். யாருடைய சுமையும் கூடாது. அதனால் சோதனையில் கேட்க வேண்டியது ‘மூன்றுக்கு மேல் போகிறதா’ என்பது மட்டுமே.

இன்னொரு செய்தி இதற்குள் இருக்கிறது. 85 போதுமென்றால் 86, 100, 200 எல்லாமே போதும். 74 போதாதென்றால் அதற்குக் கீழே எதுவும் போதாது. வரம்புகளை ஏறுமுகமாக எழுதினால் முன்பாதி முழுக்க ‘போதாது’, பின்பாதி முழுக்க ‘போதும்’. இரண்டும் சந்திக்கும் இடத்தில் வரும் முதல் ‘போதும்’தான் விடை. அகராதியை நடுவில் திறந்து சொல்லைத் தேடுவதுபோல, அதைப் பாதி பாதியாக ஒதுக்கித் தேடலாம். இங்கே பைனரி தேடல் நடப்பது நூல்களின் வரிசையில் அல்ல, விடையாக வரக்கூடிய எண்களின்மீது.

தேடலின் கீழ் எல்லை 40. ஒரு நூலை இருவருக்குப் பிரிக்க முடியாது என்பதால் மிகப் பெரிய நூல் யாரோ ஒருவருக்குப் போய்த்தான் ஆக வேண்டும். மேல் எல்லை 223, எல்லாவற்றையும் ஒருவரே எழுதும் நிலை. நடுவில் 131, இருவரே போதும், மேல் எல்லை 131க்கு இறங்குகிறது. அடுத்த நடு 85, போதும். அடுத்தது 62, ஐந்து பேர் தேவை, எனவே கீழ் எல்லை 63க்கு ஏறுகிறது. 74க்கு நால்வர் தேவை. கீழ் எல்லை 75. 80 போதும். 77 போதாது. 79 போதும். 78 போதாது. இரண்டு எல்லைகளும் 79இல் சந்திக்கின்றன. 184 எண்களில் தேடியும் எட்டு சோதனைகளில் வேலை முடிந்தது. மொத்தம் நூறு கோடிப் பக்கங்கள் இருந்தாலும் முப்பது சோதனைகளுக்கு மேல் ஆகாது.

கிடைத்த 79 இரண்டாம் எழுத்தரின் உண்மையான சுமையே என்பதைக் கவனிக்கலாம். இது தற்செயல் அல்ல. மிகச் சிறிய வரம்பு எந்தத் துண்டின் தொகையாகவும் இல்லையென்றால், அதை இன்னும் ஒன்று குறைத்தும் அதே பங்கீடு செல்லும். அப்போது அது மிகச் சிறியதே அல்ல.

நிரலில் தேடல் பகுதி இவ்வளவுதான்:

```python
lo, hi = max(a), sum(a)
while lo < hi:
    mid = (lo + hi) // 2
    if parts(a, mid) <= k:
        hi = mid
    else:
        lo = mid + 1
print(lo)
```

இதில் `parts` என்பது மேலே சொன்ன பேராசை நடை. எத்தனை ஆட்கள் தேவை என்று எண்ணித் தருகிறது. பிழைகள் பெரும்பாலும் இரண்டு இடங்களில் நுழைகின்றன. `mid + 1` என்பதற்குப் பதில் `mid` என்று எழுதினால், எல்லைகள் 78, 79 ஆக நிற்கும்போது நடு எண் மீண்டும் மீண்டும் 78 ஆகவே வரும்; நிரல் நிற்காமல் சுழலும். இதையாவது உடனே கண்டுபிடித்துவிடலாம். கீழ் எல்லையைச் சோம்பலாக 0 என்று வைப்பது இதைவிட வஞ்சகமானது. 5, 90, 5 என்ற வரிசையை மூவருக்குப் பிரிக்கும்போது வரம்பு 5 என்றால், நடை 90ஐப் புதிய ஆளிடம் ஒப்படைத்துவிட்டு, அது வரம்பை மீறியதையே பார்க்காமல் மூவர் போதும் என்கிறது. சரியான விடை 90. நிரல் அச்சிடுவது 5. எந்த எச்சரிக்கையும் வராது. வந்த விடை வரிசையின் மிகப் பெரிய எண்ணைவிடச் சிறியதாக இருந்தால் கோளாறு இங்கேதான்.

எதிர்மறை எண்கள் வந்தால் முறையே ஆட்டம் காண்கிறது. வரம்பு 4, எண்கள் 5, -3 என்றால் பேராசை நடை முதல் எண்ணிலேயே தோற்றுவிடும். இரண்டையும் சேர்த்தால் 2 மட்டுமே என்பது அதற்குத் தெரியாது. பக்கங்கள், எடை, நேரம் போன்ற அளவுகளுக்கு இந்தத் தொல்லை இல்லை. வரவு செலவுக் கணக்கில் வரும்.

ஒழுங்கு குலையக் கூடாது என்ற நிபந்தனையை எடுத்துவிட்டால் வேலை எளிதாகும் என்று தோன்றும். நடப்பது நேர்மாறு. எந்த நூலையும் எவருக்கும் தரலாம் என்றானதும் வெட்டும் இடங்கள் மறைந்து, அத்தனை சேர்க்கைகளும் களத்தில் இறங்குகின்றன. பாதி பாதியாக ஒதுக்கித் தேடுவது அப்போதும் செல்லும். ஆனால் ‘79க்குள் மூவர் போதுமா’ என்ற ஒற்றைக் கேள்விக்கு விடை சொல்வதே, எல்லா வரிசைகளுக்கும் விரைவாகச் செல்லும் வழி இதுவரை யாருக்கும் அகப்படாத கடினக் கணக்குகளுள் ஒன்றாகிவிடுகிறது.