ஒரு ‘ஹேட்’ போட்டதால் என் கதை மாறின கதை

போன எபிசோடுக்குப் பிறகு நிறைய பேர் ஒரே விஷயத்தைக் கேட்டிருந்தீங்க: “இங்கிலீஷ்ல பேசினா சமாளிச்சிடுறேன், ஒரு கதை எழுதச் சொன்னா டென்ஸ் எல்லாம் குழம்பிடுது.” எனக்கும் அதே பிரச்சினைதான் இருந்தது. அதனால இன்னைக்கு நான் கிளாஸ்ல எழுதின ஒரு கதையையே எடுத்துப் பார்ப்போம். முழுக்கத் தப்போட எழுதின கதை.

ரெண்டு வருஷம் முன்னாடி சனிக்கிழமை சாயங்காலம் ஒரு இங்கிலீஷ் கிளாஸ் போய்க்கிட்டிருந்தேன். கேம்பிரிட்ஜ் பி1 பிரிலிமினரி பரீட்சைக்கான கிளாஸ். அந்தப் பரீட்சையில ஒரு கேள்விக்குக் கட்டுரை அல்லது கதை, ரெண்டுல ஒண்ணை எழுதலாம். கதைன்னா முதல் வாக்கியத்தை அவங்களே கொடுத்துடுவாங்க. சுமார் நூறு வார்த்தையில நாம தொடரணும். அதுக்குப் பயிற்சியா எங்க மேடம் போர்டுல ரெண்டு வரி எழுதினாங்க:

“இட் வாஸ் ரெய்னிங் வென் ஐ காட் ஆஃப் த பஸ். நோபடி வாஸ் வெயிட்டிங் ஃபார் மீ.”

நான் பஸ்ஸை விட்டு இறங்கினப்போ மழை பெய்துகொண்டிருந்தது. எனக்காக யாரும் காத்திருக்கவில்லை. அவ்வளவுதான்.

இந்த ரெண்டு வரியிலேயே பாதி விடை இருக்கு. மழை பெய்றதும் யாரும் காத்திருக்காததும் பின்னணி. அதுக்கு ‘வாஸ்’ கூட ‘இங்’. பஸ்ஸை விட்டு இறங்கினது ஒரு தடவை நடந்து முடிஞ்ச சம்பவம். அதுக்கு ‘காட்’, சிம்பிள் பாஸ்ட். கதை இனிமே இறங்கின அந்த நிமிஷத்துல இருந்து முன்னாடி நகரணும்.

எனக்கு உடனே ஞாபகம் வந்தது அப்பாதான். நான் ஊருக்குப் போறப்ப எல்லாம் பஸ் ஸ்டாப்ல குடையோட நிப்பார். ஒரு நாள் மட்டும் அவர் வரலை. அதையே எழுதினேன். பேப்பர் திரும்பி வந்தப்போ நாலு இடத்துல வட்டம் போட்டிருந்தது.

முதல் வட்டம்: “மை ஃபாதர் வில் ஆல்வேஸ் ஸ்டாண்ட் தேர்.”

இது ஏன் வந்ததுன்னு யோசிச்சுப் பாருங்க. “அப்பல்லாம் அப்பா தினமும் வருவார், இங்கதான் நிப்பார்”னு சொல்றோம். பழைய வழக்கத்தைச் சொல்ல தமிழ்ல எதிர்கால வினையே போதும். அந்த ‘நிப்பார்’ அப்படியே ‘வில் ஸ்டாண்ட்’ ஆயிடுச்சு. இங்கிலீஷ்ல ‘வில்’ பார்த்தா, அப்பா இனிமேதான் வந்து நிக்கப் போறார்னு ஆயிடும். பழைய வழக்கத்துக்கு அங்க ‘வுட் ஸ்டாண்ட்’ அல்லது ‘யூஸ்டு டூ ஸ்டாண்ட்’.

நான் ‘யூஸ்டு டூ’னு திருத்தினேன். மேடம் கேட்டாங்க: “இப்ப அப்பா வர்றதில்லையா?”

“வர்றாரே மேம், போன மாசம்கூட வந்தார்.”

“அப்ப இதைப் போடாதீங்க. ‘யூஸ்டு டூ’னு படிக்கிறவங்க, அந்த வழக்கம் இப்ப இல்லைன்னு எடுத்துப்பாங்க.”

கதையில பாதி வழியிலேயே அப்பாவை இல்லாம ஆக்கப் பார்த்தேன். கடைசியில “மை ஃபாதர் ஆல்வேஸ் வெயிட்டட் ஃபார் மீ தேர்”னு எழுதினேன். சாதாரண சிம்பிள் பாஸ்ட்தான். ‘ஆல்வேஸ்’ இருக்கிறதால வழக்கம்னு புரியுது, நின்னுபோச்சுன்னும் அது சொல்லலை.

ரெண்டாவது வட்டமும் மூணாவது வட்டமும் ஒரே வியாதி: “ஐ ஹேட் கால்ட் ஹிம். ஐ ஹேட் வாக்ட் ஹோம்.”

நம்ம ஊர்ல இது ரொம்பச் சகஜம். “நேத்து போயிருந்தேன், அவனைப் பார்த்திருந்தேன்”னு பேசிப் பழகின வாய், இங்கிலீஷ்ல எல்லாத்துக்கும் ‘ஹேட்’ போட்டுடும். கொஞ்சம் மரியாதையாவும் கேட்கும். ஆனா ‘ஹேட்’டோட வேலை ஒண்ணே ஒண்ணு: கதை நிக்கிற இடத்துல இருந்து பின்னாடி திரும்பிப் பார்க்கிறது.

மேடம் கேட்டாங்க: “போன் எப்ப பண்ணினீங்க?”

“இறங்கின பிறகு.”

“நீங்க எழுதினதைப் படிச்சா, இறங்குறதுக்கு முன்னாடியே பண்ணிட்டீங்கன்னு வருது.”

இறங்கினேன், போன் பண்ணினேன், அவர் எடுக்கலை, நடந்து வீட்டுக்குப் போனேன். நடந்த வரிசையிலேயே சொல்றப்ப எல்லாத்துக்கும் சிம்பிள் பாஸ்ட் போதும். ‘கால்ட்’, ‘டின்ட் ஆன்ஸர்’, ‘வாக்ட்’. சோதிச்சுப் பார்க்க ஒரு கேள்வி இருக்கு. ‘ஹேட்’ எழுதின இடத்துல எல்லாம் “எதுக்கு முன்னாடி?”ன்னு கேளுங்க. கதைக்குள்ள அதுக்குப் பதில் இல்லைன்னா அடிச்சிடுங்க.

நாலாவது வட்டம் நேர் எதிர். ‘ஹேட்’ வேண்டிய இடத்துல நான் போடலை.

வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டு அக்கா, அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்கன்னு சொன்னாங்க. ஓடினேன். அங்க நடந்ததை இப்படி எழுதினேன்: “வென் ஐ ரீச்ட் த ஐசியூ, தே மூவ்ட் ஹிம் டு அனதர் ரூம்.”

இலக்கணமா இதுல தப்பே இல்லை. ஆனா மேடம் அந்த ஒரு வினையை மட்டும் மாத்தி போர்டுல மூணு தடவை எழுதினாங்க.

‘தே மூவ்ட் ஹிம்’: நான் போய்ச் சேர்ந்தேன், அதுக்கப்புறம் அவரை மாத்தினாங்க. நான் அங்கேயே இருந்தேன்.

‘தே வேர் மூவிங் ஹிம்’: நான் போறப்ப மாத்திக்கிட்டிருந்தாங்க. ஸ்ட்ரெச்சர்ல தள்ளிட்டுப் போறதைப் பார்த்தேன்.

‘தே ஹேட் மூவ்ட் ஹிம்’: நான் போறதுக்கு முன்னாடியே மாத்திட்டாங்க. நான் பார்த்தது காலியான கட்டில்.

“இதுல எது நடந்தது?”ன்னு கேட்டாங்க.

மூணாவதுதான். கட்டில் காலியா இருந்தது. விரிப்பைக்கூட எடுத்திருந்தாங்க. நர்ஸ் வந்து “நார்மல் வார்டுக்கு மாத்தியாச்சு”ன்னு சொல்றதுக்கு ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் நான் இந்தக் கதையையே எழுத உட்கார்ந்தேன். ‘மூவ்ட்’னு எழுதினதால அந்த நிமிஷமே கதையில இல்லாமப் போயிடுச்சு.

வீட்டுக்குப் போய்த் திரும்ப எழுதினேன். இந்தத் தடவை முதல்ல நடந்ததை எல்லாம் நம்பர் போட்டுத் தமிழ்ல எழுதிக்கிட்டேன். ஒண்ணு, பக்கத்து வீட்டுக்காரங்க அப்பாவைக் கூட்டிட்டுப் போனது. ரெண்டு, வார்டு மாத்தினது. மூணு, நான் பஸ்ஸை விட்டு இறங்கினது. நாலு, போன். அஞ்சு, பூட்டின வீடு. ஆறு, காலியான கட்டில். கதை மூணுல தொடங்குது. அதனால மூணுல இருந்து ஆறு வரைக்கும் சிம்பிள் பாஸ்ட். ஒண்ணும் ரெண்டும் கதை தொடங்குறதுக்கு முன்னாடியே முடிஞ்சவை. ஆனா எனக்குப் பிறகுதான் தெரிய வருது. அந்த ரெண்டுக்கு மட்டும் ‘ஹேட்’: ‘ஹேட் டேக்கன்’, ‘ஹேட் மூவ்ட்’. நூறு வார்த்தைக் கதையில மொத்தமே ரெண்டு ‘ஹேட்’. மழைக்கு மேடம் கொடுத்த ‘வாஸ் ரெய்னிங்’ இருந்தது. கடைசி வரியில இன்னொண்ணு நான் சேர்த்தேன்: புது வார்டுல அப்பா ‘வாஸ் ஸ்லீப்பிங்’.

ஒரு எச்சரிக்கை. பின்னாடி நடந்ததை நீளமாச் சொல்லணும்னா, ஒவ்வொரு வினைக்கும் ‘ஹேட்’ ஒட்டிக்கிட்டே போக வேண்டாம். முதல் ஒண்ணு ரெண்டுக்குப் போட்டா, படிக்கிறவங்க பின்னாடி வந்துட்டாங்கன்னு அர்த்தம். அப்புறம் சிம்பிள் பாஸ்ட்ல தொடரலாம். கதை திரும்ப பஸ் ஸ்டாப்புக்கு வர்றப்ப மட்டும், ‘தட் ஈவ்னிங்’ மாதிரி ஒரு வார்த்தை போட்டு இடத்தைக் காட்டிடுங்க.

அந்த ரெண்டு வரியை நீங்களும் தொடர்ந்து எழுதிப் பாருங்க. உங்களுக்காகக் காத்திருக்க வேண்டியவர் யார், அவர் ஏன் வரலைன்னு முதல்ல தமிழ்ல நம்பர் போட்டுக்கோங்க. எனக்கு அனுப்புறப்ப அந்த நம்பர் லிஸ்டையும் சேர்த்து அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல ரெண்டு மூணு கதையை எடுத்துப் பேசுவோம்.

அப்பா நல்லா இருக்கார். போன வாரம் ஊருக்குப் போனப்போ மழையே இல்லை. ஆனாலும் குடையோட நின்னுக்கிட்டிருந்தார்.