மாதிரிப் பெட்டியும் வந்திறங்கும் சரக்கும்

ஆடி பிறந்த சில நாட்களுக்குள்ளேயே, தீபாவளிப் பரிசுப் பெட்டிகளுக்கு இப்போதே ஆர்டர் கொடுத்தால் விலையில் சலுகை உண்டென்றும், பாதித் தொகையை முன்பணமாக அனுப்பினால் போதுமென்றும், உலர்பழ வியாபாரிகளிடமிருந்து அலுவலகக் கொள்முதல் அதிகாரிகளுக்கு மின்னஞ்சல்கள் வரத் தொடங்கிவிடுகின்றன. அதைத் தொடர்ந்து வந்து சேரும் மாதிரிப் பெட்டியை மேஜைக்கு மேஜை பகிர்ந்து தின்றுவிடுவது வழக்கமாயிருக்கிறது. பின்னால் தகராறு எழுமாயின் அதைவிடச் சிறந்த சாட்சி வேறில்லை என்பதை யாரும் நினைப்பதில்லை.

மாதிரியை வைத்து விற்ற சரக்கு முழுவதும் தரத்தில் அம்மாதிரியை ஒத்திருக்கவேண்டும் என்பதும், இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க வாங்குபவருக்குப் போதிய அவகாசம் தரவேண்டும் என்பதும் 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 17-வது பிரிவு விதிப்பவை. ஆனால் மாதிரியை அனுப்பியதால் மட்டுமே அது மாதிரி விற்பனை ஆகிவிடாது. ஒப்பந்தத்தில் அந்த நிபந்தனை இருக்கவேண்டும். ஆகவே இரண்டு பெட்டிகள் கேட்டுப் பெற்று, ஒன்றை இரு தரப்புக் கையெழுத்துடன் முத்திரையிட்டு வைத்து, அதன்படியே சரக்கு இருக்கவேண்டும் என்று பர்ச்சேஸ் ஆர்டரில் எழுதிவிடுவது உத்தமம்.

முந்திரியை எடுத்துக்கொள்வோம். டபிள்யூ 240 என்ற ரகத்தில் ஒரு பவுண்டுக்கு, அதாவது சுமார் 454 கிராமுக்கு, 220 முதல் 240 பருப்புகள் நிற்கும். விலை குறைந்த டபிள்யூ 320 ரகத்திலோ 300 முதல் 320 வரை நிற்கும். 400 பெட்டிகள் வாங்கும் ஓர் அலுவலகம், ஒவ்வொன்றிலும் 250 கிராம் பெரிய ரக முந்திரி என்று பேசியிருந்தால், ஏதேனும் பத்துப் பெட்டிகளைப் பிரித்து, முதலில் எடையைச் சரிபார்த்துப் பின்பு எண்ணிப் பார்த்தால் போதும்: 121 முதல் 132 வரை இருப்பின் சொன்ன ரகம், 165-ஐத் தாண்டினால் ரகம் மாறியிருக்கிறது. தட்டின் பருமனும் ரிப்பனின் பளபளப்பும் கண்ணை ஏமாற்றலாம், எண்ணிக்கை ஏமாற்றாது.

இந்தச் சோதனை பெட்டிகளை ஊழியர்களுக்கு வழங்குவதற்கு முன்னரே நடக்கவேண்டும். வழங்கிவிட்டால் சரக்கை ஏற்றுக்கொண்டதாகவே சட்டம் கருதும். அதன்பின் நஷ்டஈடு கேட்கலாமே ஒழிய, நிராகரிக்க இயலாது. குறை கண்டால் உடனே எழுத்துமூலம் தெரிவிக்கவேண்டும். வியாபாரி பதிவு பெற்ற சிறுதொழிலாயிருந்தால், பணம் செலுத்தும் கெடுவைக் கணக்கிடுவதற்கு, சரக்கு வந்த 15 நாட்களுக்குள் தந்த ஆட்சேபமே செல்லும். நியாயமாக நிராகரித்த சரக்கைத் திருப்பி அனுப்பும் பொறுப்பு, வேறு உடன்பாடு இல்லாதவரை, வாங்கியவருடையதன்று.

பண்டிகை கழிந்து வரும் பெட்டியால் பிரயோஜனமில்லை. குறித்த தேதியே ஒப்பந்தத்தின் சாரம் என்றும், தவறினால் ஆர்டரை ரத்து செய்து முன்பணத்தைத் திரும்பப் பெறலாம் என்றும் எழுதாவிடில், தாமதத்தைக் காட்டி விலகுவது வழக்காடும் விஷயமாகிவிடும். அவ்வாறு எழுதியிருந்தும் கொடுத்த பணத்தை மீட்க வக்கீல் நோட்டீஸ், சிவில் நீதிமன்றம் என்று மாதக்கணக்கில் அலைய நேரிடும் ஆதலால், பாதித் தொகை கேட்பவரிடம் முன்பணத்தைக் குறைக்கும்படியும், மீதியைப் பரிசோதனைக்குப் பிறகே தரும்படியும் முதலிலேயே பேசிக்கொள்வது நலம்.