முதல் வரியில் வணக்கம் வேண்டாம்

இன்ஸ்டாகிராம் ரீல்ஸில் 2,200 எழுத்துகள் வரை விளக்கம் எழுதலாம். ஆனால் திரையின் அடியில் தெரிவது முதல் சில சொற்கள்தான்; மீதியைப் படிக்க விரலால் தொட வேண்டும்.

இட்லி பற்றிய வீடியோவுக்கு, ‘வணக்கம் நண்பர்களே, இன்று நாம் பார்க்கப்போவது’ என்று தொடங்கினால், விஷயம் வருவதற்குள் வரி மறைந்துவிடும். ‘இட்லி கல் மாதிரி வருதா? உளுந்து பழசா பாருங்க’ என்று எழுதிப் பாருங்கள். பார்ப்பவரின் சிக்கல் முதலில் வருகிறது. காரணம் பாதி தெரிகிறது. மீதிக்காக அவர் நிற்கிறார்.

சொன்ன உளுந்து முதல் காட்சியிலேயே வர வேண்டும். வராவிட்டால் பார்வையாளர் நகர்ந்துவிடுவார். புள்ளிவிவரப் பக்கத்தின் வரைகோடு தொடக்க நொடிகளிலேயே சரிந்திருக்கும். பதிவிடுமுன் போனில் ஒருமுறை பாருங்கள்: வரி வெட்டுப்படும் இடத்துக்கு முன்பே சிக்கல் வந்துவிட வேண்டும்.