'நிலுவை' என்ற ஒற்றைச் சொல்

தொண்டு நிறுவனங்களின் களக்குழு மாதம் ஒருமுறை ஆய்வுக் கூட்டம் நடத்தும். அதன் குறிப்பேட்டில் எல்லோரும் முதலில் பார்ப்பது பயனாளிகள் எண்ணிக்கையைத்தான். மருத்துவ முகாமுக்கு 60 பேர், தையல் பயிற்சிக்கு 25 பேர், ஓய்வூதிய மனுவுக்கு 15 பேர் வந்தார்கள் என்றால் 'பயனாளிகள் 100' என்று கூட்டிவிடுவார்கள். ஆனால் தையலுக்கு வந்த பெண்களில் பாதிப் பேர் முகாமுக்கும் வந்திருப்பார்கள். ஆட்களின் எண்ணிக்கையையும் சேவைகளின் எண்ணிக்கையையும் தனித்தனியே எழுதினால்தான் கணக்கு நிற்கும்.

கிராம வருகையிலும் இப்படித்தான். காலை 11 மணிக்குப் போனால் நூறு நாள் வேலைக்குப் போனவர்கள் வீட்டில் இருக்கமாட்டார்கள். 'நான்கு ஊர் சென்றோம்' என்பதோடு எத்தனை வீடு பூட்டியிருந்தது என்றும் குறித்தால், அடுத்த மாதம் மாலையில் போக வேண்டும் என்பது தானே தெரிந்துவிடும்.

நான் அதிக நேரம் படிப்பது நிலுவைப் பட்டியலைத்தான். தமிழ்நாட்டில் அடிக்கடி வரும் ஒரு வழக்கைப் பாருங்கள். கணவரை இழந்த ஒரு பெண் விதவை ஓய்வூதியம் கேட்கிறார். கணவர் வீட்டிலேயே இறந்தார். யாரும் பதிவு செய்யவில்லை. இறப்புச் சான்றிதழ் இல்லாமல் மனு நகராது. 21 நாளுக்குள் சொல்லியிருந்தால் கட்டணமே இல்லாமல் பதிந்திருக்கலாம். ஓராண்டு தாண்டிவிட்டதால், மரணம் பதிவாகவில்லை என்ற சான்று வாங்கி, கோட்டாட்சியர் அலுவலகத்தில் மனுக் கொடுத்து, ஆணை பெற்ற பிறகே பதிய முடியும். அதற்கு முன் கிராம நிர்வாக அலுவலரின் விசாரணையும் இருக்கும்.

இந்த வழக்கு மூன்று மாதக் குறிப்பிலும் 'நிலுவை, தொடர் நடவடிக்கை தேவை' என்றே இருந்தால், அந்தப் பெண்ணை யாரும் பார்க்கவில்லை என்றே நான் எடுத்துக்கொள்வேன். அதற்குப் பதில், 'பதிவின்மைச் சான்று கைக்கு வந்தது. கோட்டாட்சியர் மனுவுக்குச் சாட்சி இருவர் தேவை. ஒருவர் ஒப்புக்கொண்டார், மற்றவர் வெளியூரில். 12-ஆம் தேதிக்குள் களப்பணியாளர் அழைத்து வருவார்' என்று இருக்கட்டும். எந்தக் காகிதம், எந்த மேஜை, யார் பொறுப்பு, எந்தத் தேதி என்பதெல்லாம் அதில் வந்துவிடுகிறது. விடுப்பில் போனவருக்குப் பதிலாக வருபவரும் அதே இடத்திலிருந்து தொடரலாம். பெயருக்குப் பதில் வழக்கு எண் போதும். குறிப்பேடு பல கைகளுக்குப் போகும், வறுமையும் குடும்பத் தகராறும் ஊருக்குத் தெரிய வேண்டியதில்லை.

ஓய்வூதிய ஆணை வந்த அன்றே 'முடிந்தது' என்று எழுதுவதும் அவசரம்தான். வங்கிக் கணக்கு முடங்கியிருக்கலாம், ஆதார் இணைப்பில் பெயர் மாறியிருக்கலாம். முதல் மாதப் பணம் பாஸ்புக்கில் ஏறியதைப் பார்த்த பிறகே அந்த எண்ணைப் பட்டியலிலிருந்து எடுக்க வேண்டும்.